'சொந்த நடையில்' என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

எங்கள் கல்லூரியின் கல்வி நேர்மைக் கொள்கை ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். சேர்க்கையின்போது முதலாண்டு மாணவர்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். படித்துவிட்டுப் போட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அசைன்மென்டில் மாட்டுகிறவர்களிடம் "கையெழுத்துப் போட்டிருக்கியே" என்று அந்தத் தாளைக் காட்டுவது மட்டும் தவறாமல் நடக்கும். பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள். இது நியாயமில்லை என்று ஒரு கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "அப்ப நீங்களே தமிழ்ல பண்ணிக் குடுங்க மேடம், ஒரு வாரம் போதும்ல?" என்றார் முதல்வர். மூன்று மாதம் ஆனது.

நான் வரலாற்றுத் துறை. தமிழ் எழுத வரும் என்ற நம்பிக்கையில் முதல் வரைவை ஆறே நாளில் முடித்தேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் முதலாண்டுப் பிள்ளைகள் ஏழு பேரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். புரிகிறதா என்று கேட்டால் ஏழு பேரும் தலையாட்டுவார்கள் என்று தெரியும். அதனால் அதைக் கேட்காமல் ஆறு சூழல்களை எழுதிக் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் 'சரி', 'தவறு' இரண்டில் ஒன்றைச் சொல்லி, கொள்கையில் எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். மூன்று மாதமும் என்னைக் காப்பாற்றியது இந்த விரல் வைக்கும் வேலைதான்.

முதல் சூழல் இது: ஒரு மாணவன் இணையத்தில் ஒரு பத்தியைப் படிக்கிறான், சொற்களை மாற்றி எழுதுகிறான், எங்கிருந்து எடுத்தான் என்று குறிப்பிடவில்லை. ஏழில் ஐந்து பேர் 'சரி' என்றார்கள். ஒருவன் விரலை வைத்த இடத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நான் எழுதிய வரிதான்: 'பிறர் கருத்துகளை மாணவர்கள் தம் சொந்த நடையில் எழுத வேண்டும், உரிய ஒப்புகை அளிக்க வேண்டும்.'

"நீங்களே போட்டிருக்கீங்களே மேம், சொந்த நடையில எழுதணும்னு. அவன் மாத்தித்தானே எழுதியிருக்கான்?"

"ஒப்புகைன்னும் இருக்கே?"

"அது கடைசிப் பக்கத்துல நன்றி சொல்றது மேம். அசைன்மென்ட்டுக்கெல்லாம் வேணுமா?"

அவன்மேல் தப்பில்லை. 'சொந்த நடையில் எழுதுக' என்பது அவன் பள்ளி வினாத்தாளில் பார்த்துப் பழகிய கட்டளை. ஒரு பத்தி கொடுத்திருப்பார்கள், மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிச் சொந்த நடையில் எழுத வேண்டும். பத்தி யாருடையது என்று எழுதச் சொன்னதே இல்லை. சொல்லை மாற்றிவிட்டால் அது உன்னுடையது, மார்க்கும் உன்னுடையது என்பதே அங்கே அவன் கற்ற பாடம். 'மேற்கோள்' என்ற சொல்லும் அப்படியே. ஆங்கிலத்தில் சான்று காட்டுவதற்கு ஒரு சொல்லும் பிறர் வரியை அப்படியே தருவதற்கு வேறு சொல்லும் உண்டு. நான் இரண்டுக்கும் 'மேற்கோள்' போட்டிருந்தேன். பிள்ளைகளுக்கு மேற்கோள் என்றால் கட்டுரைக்கு நடுவில் நீல மையை விட்டுக் கறுப்பு மையில் எழுதும் திருக்குறள். அது அலங்காரம், திருத்துகிறவர் கண்ணில் படுவதற்காக. ஒரு கருத்துக்கு யார் பொறுப்பு என்று காட்டும் வேலை அதற்கு இருப்பதாக அவர்களுக்குத் தெரியாது.

ஆக, அகராதிப்படி என் மொழிபெயர்ப்பில் பிழையில்லை, ஆனால் நான் எடுத்த சொற்கள் காலி டப்பாக்களாக இருக்கவில்லை. பன்னிரண்டு வருடப் பள்ளி அவற்றை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தது. புதிதாகச் சொல் உண்டாக்கி இதைச் சமாளிக்கலாம் என்று இரண்டு வாரம் வீணடித்தேன். 'மாற்றுரைத்தல்', 'மறுமொழிவு' என்றெல்லாம் போட்டுப் பார்த்தேன். பிள்ளைகள் அந்த வரியைத் தாண்டிக் குதித்து அடுத்த வரிக்குப் போனார்கள்.

வழி காட்டியவர் தமிழ்த்துறையில் இருக்கும் ஒரு அக்கா. ஸ்டாஃப் ரூமில் என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸைத் திறந்தவர், "நேர்க்கூற்று, அயற்கூற்று படிச்சிருப்பாங்களே, அதுல சொல்லேன்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். "நான் நாளை வருவேன்" என்று கண்ணன் சொன்னான், இது நேர்க்கூற்று. தான் மறுநாள் வருவதாகக் கண்ணன் சொன்னான், இது அயற்கூற்று. மாற்றும்போது மேற்கோள் குறி போகிறது, 'நான்' என்பது 'தான்' ஆகிறது, 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகிறது. ஆனால் 'கண்ணன் சொன்னான்' மட்டும் எங்கேயும் போவதில்லை. கண்ணனை எடுத்துவிட்டால் விடையே தப்பு, மார்க் கிடையாது. இது ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது. 'சொந்த நடை' என்ற சொல்லைக் கொள்கையிலிருந்து முழுவதுமாகத் தூக்கிவிட்டு இப்படி எழுதினேன்: 'ஒருவர் எழுதியதை அப்படியே எழுதினால் அது நேர்க்கூற்று: மேற்கோள் குறியும் வேண்டும், சொன்னவர் பெயரும் வேண்டும். மாற்றி எழுதினால் அது அயற்கூற்று: மேற்கோள் குறி வேண்டாம், சொன்னவர் பெயர் கட்டாயம் வேண்டும்.' அடுத்த சுற்றில் வேறு ஏழு பேர். முதல் சூழலுக்கு ஏழு பேரும் 'தவறு' என்றார்கள், சரியான வரியில் விரலும் வைத்தார்கள்.

அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார். தொல்காப்பியத்தில் நூற்பாவுக்கு நூற்பா வருகிற 'என்மனார் புலவர்' இதே வேலையைத்தானே செய்கிறது? இது நான் கண்டுபிடித்ததில்லை, முன்னோர் சொன்னது என்ற அறிவிப்பு. நன்னூல் பாயிரத்தில், முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்லாமல் அவர்கள் சொல்லையும் பொன்னைப்போல் போற்றுவோம் என்று ஒரு வெண்பா, பழைய சூத்திரங்களை அப்படியே எடுத்தாள்வதற்கான காரணத்தைச் சொல்கிறது. எடுக்கலாம், எடுத்ததை மறைக்கக் கூடாது. இதைக் கொள்கையில் சேர்க்க ஆசையாக இருந்தது. சேர்த்திருந்தால் பிள்ளைகள் அதையும் மேற்கோளாக மனப்பாடம் செய்திருப்பார்கள். விட்டுவிட்டேன்.

விதி புரிந்தாலும் எவ்வளவு மாற்றினால் மாற்றம் என்ற கேள்வி மிச்சமிருந்தது. ஆங்கிலக் கொள்கையில் அதற்கு ஒரு எடுத்துக்காட்டு உண்டு. மூலப்பத்தி ஒன்று, அதில் நாலு சொல்லை மட்டும் மாற்றிய பத்தி ஒன்று, ஒழுங்காக எழுதியது ஒன்று. இதை மொழிபெயர்க்கவே முடியாது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாக இருப்பவை தமிழில் ஒரே சொல்லாகிவிடுகின்றன, மூன்று பத்தியும் ஒன்றுபோலவே வந்து நிற்கின்றன. அதனால் எங்கள் பக்கத்து விஷயமான ஏரியை வைத்துப் புதிதாக எழுதினேன். ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்:

'மழைக்காலத்தில் கரை உடையாமல் இருக்க, மிகுதியான நீர் வெளியேறும்படி ஏரியில் கலிங்கு கட்டப்படுகிறது. கலிங்கின் உயரமே ஏரி கொள்ளும் நீரின் அளவைத் தீர்மானிக்கிறது.'

ஒரு மாணவி எழுதுகிறாள்: 'மாரிக்காலத்தில் கரை உடைபடாதிருக்க, அதிகமான நீர் வெளியேறுமாறு ஏரியில் கலிங்கு அமைக்கப்படுகிறது. கலிங்கின் உயரம்தான் ஏரி கொள்ளும் நீரின் அளவை நிர்ணயிக்கிறது.' மழை மாரியானது, மிகுதி அதிகமானது, வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. நூலாசிரியர் பெயரைப் போட்டாலும் இதை ஏற்க முடியாது, ஏனென்றால் இது குறியில்லாத நேர்க்கூற்று.

இன்னொருத்தி எழுதுகிறாள்: 'கலிங்கை வெறும் வடிகாலாகப் பார்க்கக் கூடாது. அதை ஒரு அடி உயர்த்தினால் ஏரியில் நிற்கும் தண்ணீர் கூடும், கரைக்கு ஆபத்தும் கூடும் என்பது இந்நூலாசிரியர் தரும் விளக்கத்திலிருந்து தெரிகிறது (பக்கம் 12).' இவள் நூலை மூடிவைத்துவிட்டு யோசித்திருக்கிறாள். நூலில் இல்லாத ஒரு அடியை அவளே கொண்டுவந்திருக்கிறாள், எந்த இடத்தில் நூலைச் சார்ந்திருக்கிறாள் என்பதும் தெரிகிறது. பிள்ளைகள் இந்த மூன்று பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அதிகம் பேசினார்கள். கொள்கையில் வேறு எந்தப் பக்கமும் அப்படிப் பேச வைக்கவில்லை.

குற்றத்துக்குப் பெயர் வைப்பது தனிச் சண்டை. 'கருத்துத் திருட்டு' என்று பலரும் எழுதுகிறார்கள். அட்டவணையை, வரைபடத்தை, லேப் அளவீட்டை எடுத்தால் அது கருத்து இல்லையே என்றான் ஒரு இயற்பியல் பையன். 'படைப்பு' என்றால் கதை, கவிதை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. 'காப்பி அடித்தல்' எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது தேர்வறையில் பக்கத்துப் பேப்பரைப் பார்ப்பது. "நான் காப்பி அடிக்கல மேம், நெட்ல இருந்து எடுத்தேன்" என்று மனசாரச் சொல்கிறார்கள். கடைசியில் பேராசிரியர்கள் வாயில் வருகிற 'ப்ளேஜியரிசம்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, பக்கத்தில் 'பிறர் எழுதியதையோ உருவாக்கியதையோ தன்னுடையதாகக் காட்டுதல்' என்று விளக்கம் எழுதினேன். தமிழ் ஆர்வலர்கள் இரண்டு பேர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதைவிடப் பெரிய தப்பு 'ஒழுங்கீனம்' என்ற சொல்லில் நடந்தது. நிர்வாகத் தமிழில் அது சாதாரணச் சொல். என் வரைவில் 'கல்விசார் ஒழுங்கீனம்' என்று பத்து இடத்தில் இருந்தது. ஒரு மாணவி தாளை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். மறுநாள் அவள் அப்பா போன் செய்து, "என் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு மேடம்? ஒழுங்கீனம்னு எழுதிக் குடுத்து விட்டிருக்கீங்க" என்றார், குரல் நடுங்கியது. வீட்டில் அந்தச் சொல்லுக்கு அசைன்மென்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அன்றைக்கே எல்லா இடத்திலும் 'விதிமீறல்' என்று மாற்றினேன். 'மூலத்தைக் குறிப்பிட வேண்டும்' என்ற வரியைச் சத்தமாகப் படித்தபோது பின்பெஞ்சில் கிளம்பிய சிரிப்புக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. 'எடுத்த இடத்தைக் குறிப்பிட வேண்டும்' என்று ஆக்கினேன். அதுவே நல்ல தமிழாகவும் இருக்கிறது.

சொல்லைவிட வினைமுற்று ஆபத்தானது என்பது இரண்டாவது மாதம் தெரிந்தது. ஒரே அசைன்மென்டை இரண்டு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆங்கில வாக்கியத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில், 'சமர்ப்பிக்காமல் இருக்கலாம்' என்று எழுதி வைத்திருந்தேன். தடை சலுகையாகிவிட்டது. விரல் வைக்கும் சோதனையில்தான் அகப்பட்டது. அதோடு 'பூஜ்ஜியம் வழங்கப்படலாம்' என்ற வரி. "படலாம்னா படாமலும் போகலாம்ல?" என்று ஒருத்தி கேட்டாள். துறைத்தலைவர் விரும்பினால் பூஜ்ஜியம் போட அவருக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் பொருள். தமிழில் 'லாம்' அனுமதிக்கும் வரும், வாய்ப்புக்கும் வரும். அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். அனுமதிக்கு மட்டும் 'லாம்': 'நண்பர்களோடு பேசி விவாதிக்கலாம்.' தடைக்குக் 'கூடாது', கட்டாயத்துக்கு 'வேண்டும்', ஆலோசனைக்குச் 'செய்வது நல்லது', அதிகாரத்துக்கு 'அதிகாரம் உண்டு'. பதினொரு பக்கத்திலும் இருந்த வினைமுற்றுகளை இந்த ஐந்தில் ஒன்றாக மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

'படும்', 'பெறும்' என்று முடிகிற வரிகளை உடைத்தபோது இன்னொன்று வெளியே வந்தது. 'மாணவர் விசாரணைக்கு அழைக்கப்படுவார்.' யார் அழைப்பார்? ஆங்கிலத்திலும் இல்லை. இன்னொரு இடத்தில் 'மாட்யூல் கன்வீனர்' முடிவு செய்வார் என்று இருந்தது. அப்படி ஒரு பதவி எங்கள் கல்லூரியில் கிடையாது. கல்வி நேர்மைக் கொள்கைக்குள் அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்து உட்கார்ந்தது என்று யூகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அழைப்பவர் யார், எத்தனை நாளில், மாணவர் யாரைக் கூட அழைத்து வரலாம் என்று ஒரு பட்டியலாகக் கேள்விகளை முதல்வரிடம் கொடுத்தேன். பதில் வந்த பிறகு ஆங்கிலத்தையும் திருத்தினார்கள். மொழிபெயர்ப்பாளர் தானாக ஒரு ஆளை எழுதிச் சேர்த்துவிடக் கூடாது, நாளைக்குத் தண்டனை என்று வரும்போது அந்த வரிதான் வழக்காகும்.

கடைசி மூன்று பக்கம் யுஜிசி விதிகள். 2018-ல் வந்த ப்ளேஜியரிசத் தடுப்பு ஒழுங்குமுறை, ஒற்றுமை அளவை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. 10% வரை தண்டனை இல்லை. 10-லிருந்து 40% வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-லிருந்து 60% வரை என்றால் திருத்தியதைக் கொடுக்கவே ஒரு வருடத் தடை. 60%-க்கு மேல் பதிவு ரத்து. இதைத் தமிழில் படித்த பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டது, "அப்ப பத்துப் பக்கத்துல ஒரு பக்கம் எடுத்துக்கலாமா மேம்?" தண்டனை இல்லாத அளவு அவர்கள் கண்ணுக்கு ரேஷன் அளவாகத் தெரிந்தது.

அந்த அட்டவணையை எப்படி எழுதினால் சரியாக வரும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, வரையறைப் பகுதியை மறுபடி படித்தேன். இந்த அளவெல்லாம் ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை, நூல் போன்றவற்றுக்கு. அசைன்மென்ட், வகுப்புக் கட்டுரை, புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றை விதியே வெளியே தள்ளியிருக்கிறது. முதலாண்டு மாணவருக்கு அந்த மூன்று பக்கமும் பொருந்தவே பொருந்தாது! தமிழ்ப் பிரதியிலிருந்து எடுத்துவிட்டு, 'அசைன்மென்டில் இத்தனை விழுக்காடு வரை எடுக்கலாம் என்று எந்த அளவும் கிடையாது' என்று ஒரே வரி போட்டோம்.

அதே விதியில் இருக்கும் 14 சொல் கணக்கும் எங்கள் கொள்கைக்குள் நுழைந்திருந்தது. பொதுவாக எல்லோரும் சொல்கிற, தற்செயலாக ஒத்துப்போகிற தொடர் 14 சொல்வரை இருந்தால் ஒற்றுமைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது அங்கே. எங்கள் கொள்கையில் அது '14 சொல்லுக்குக் கீழே இருந்தால் மேற்கோள் குறி தேவையில்லை' என்று உருமாறி நின்றது. ஆங்கிலத்திலேயே அது தப்பு, தமிழில் இன்னும் மோசம். 'கலிங்கின் உயரமே ஏரி கொள்ளும் நீரின் அளவைத் தீர்மானிக்கிறது.' எண்ணிப் பாருங்கள், ஏழு சொல். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேற்றுமை உருபும் துணைவினையும் நம் மொழியில் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 14 தமிழ்ச்சொல் என்பது பல நேரம் இரண்டு முழு வாக்கியம். அந்த எண்ணையும் எடுத்தோம்.

ஒன்றைச் சேர்க்கவும் வேண்டியிருந்தது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் மொழிபெயர்த்து அசைன்மென்டாகக் கொடுப்பது எங்கள் வகுப்புகளில் தினசரி நடப்பது. ஆங்கிலக் கொள்கையில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை, எழுதியவர்களுக்கு அப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றியிருக்காது. ஒற்றுமை பார்க்கும் மென்பொருளில் இது சுலபமாகத் தப்பிவிடும், அங்கே சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவதற்கு எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கோ அது உழைப்பு. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டிக்‌ஷனரி பார்த்து எழுதினேன் மேம், அது எப்படி என்னுது இல்ல?" என்று கேட்டவளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை, நானும் மூன்று மாதமாக அதையேதான் செய்துகொண்டிருந்தேன். "மொழிபெயர்ப்பு உன்னுது, கட்டுரை அவருது. ரெண்டு பேரையும் போடு" என்றேன். அது அப்படியே புது விதியானது: 'மொழிபெயர்த்து எழுதினால் எழுதியவர் பெயரும் "தமிழில்: நான்" என்ற குறிப்பும் வேண்டும்.'

தமிழ்ப் பிரதி ஐந்து பக்கத்தில் முடிந்தது. அந்தப் பருவத்தில் உள்ளூர் நீர்நிலை வரலாறு என்று அசைன்மென்ட் கொடுத்தேன். ஒரு பையன் தங்கள் கண்மாயைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தான். மடை திறக்கும் முறை எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று நாலாம் பக்கத்தில் விரிவாக இருந்தது. நடுவில் 'என்று என் அப்பத்தா சொன்னார்' என்று எழுதி, அடைப்புக்குறியைத் திறந்து, மூடாமல் விட்டிருந்தான். வகுப்பு முடிந்து வாசலில் நின்றான்.

"அயற்கூற்றுதான் மேம் எழுதியிருக்கேன். அப்பத்தாவுக்குப் பக்க எண் என்ன போடுறது?"

கொள்கையில் அதற்கு வரி இல்லை. பெயர், வயது, ஊர், பேசிய தேதி, இந்த நாலையும் போடச் சொன்னேன். வயது அப்பத்தாவுக்கே தெரியாது என்றான். உத்தேசம் என்று போடச் சொன்னேன்.